“படி” என்றதும் புத்தகத்தை மூடிவிடுகிறான்: இது என்ன முரண்டு?

செங்காங் கனி
4 ஆகஸ்ட், இரவு 10.52

பதின்ம வயதுப் பிள்ளையிடம் ஒரு வேலையைச் செய் என்று சொன்னால், சொன்ன காரணத்தாலேயே அந்த வேலை கெட்டுப்போகிறது. நான் வந்திருக்கும் முடிவு இதுதான். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். இணைப்பாட நடவடிக்கை முடிந்து ஆறரைக்கு மேல் வருவான், குளிப்பான், சாப்பிடுவான். நேற்று அவனாகவே மேசைக்குப் போனான். இயற்பியல் பயிற்சித்தாளை விரித்தான், பேனா மூடியைக் கழற்றினான். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, அவன் பக்கம் திரும்பாமல், “சாப்பிட்டாயிற்றல்லவா, போய்ப் படி” என்றேன். பேனாவை மூடினான். தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். “படிக்கத்தான் உட்கார்ந்தேன். இனிமேல் முடியாது” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனவன், தூங்கும்வரை கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

கோபத்தைவிடக் குழப்பம்தான் எனக்கு அதிகம். அவன் செய்ய நினைத்ததைத்தானே நானும் சொன்னேன்? இருவரும் ஒரே பக்கம் நிற்கும்போது சண்டை எங்கிருந்து வந்தது? இன்னொன்று. எங்களுடன் இருக்கும் என் மாமியார் காலையும் மாலையும் “படிடா ராசா” என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். அவரிடம் மட்டும் “சரி அப்பாயி” என்று சிரிக்கிறான்.

சுப்பையா (உட்லண்ட்ஸ்)
5 ஆகஸ்ட், காலை 7.15

அம்மா, இதற்கு எளிய வழி இருக்கிறது. “இன்றைக்குப் படிக்க வேண்டாம், போய்த் தூங்கு” என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டும் என்பார்கள், வேண்டும் என்றால் வேண்டாம் என்பார்கள். அந்த வயதின் குணமே அதுதான். நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் தேசிய சேவையில் இருந்தபோது சார்ஜன்ட் நில் என்றால் நின்றோம், ஓடு என்றால் ஓடினோம். அப்போது எங்களுக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான். இந்த முரண்டெல்லாம் எங்கே போயிருந்தது? வீட்டில் கண்டிப்புக் குறைந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பழைய ஆலோசகர்
5 ஆகஸ்ட், இரவு 9.30

பள்ளி ஆலோசகராகப் பல வருடங்கள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கனி சொன்ன பேனா மூடிக் காட்சியை வேறு வேறு வீடுகளின் கதையாகக் கேட்டிருக்கிறேன்.

ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் இதைப் பற்றி ஒரு கோட்பாடு எழுதினார். ரியாக்டன்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் கனியின் குழப்பம் தீர்ந்துவிடும். ஒருவருக்குத் தன்னுடையது என்று ஒரு சுதந்திரம் இருக்கிறது. அதை யாரோ எடுத்துக்கொள்ளப் பார்ப்பதாகத் தெரிந்தால், அதைத் திரும்பப் பிடிக்க ஓர் உந்துதல் எழுகிறது. சண்டை அந்தச் சுதந்திரத்துக்காக. சொல்லப்பட்ட வேலை நல்லதா கெட்டதா, பிடித்ததா பிடிக்காததா என்பது இரண்டாம்பட்சம்.

இப்போது மேசையைப் பாருங்கள். தாளை விரித்தபோது அவன் கையில் இரண்டு இருந்தன. ஒன்று இயற்பியல். மற்றொன்று, “நானாக உட்கார்ந்தேன்” என்பது. நீங்கள் சொன்ன நொடியில் இரண்டாவது போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் படித்தால் அது அம்மா சொல்லிப் படித்ததாகத்தான் கணக்கில் வரும். அது தன்னுடையது என்று காட்ட அவனிடம் மிச்சமிருந்த ஒரே வழி, படிக்காமல் இருப்பது. அதனால்தான் செய்யப்போன வேலையைச் செய்யச் சொல்வது, செய்ய விரும்பாத வேலையைச் சொல்வதைவிடச் சில நேரம் அதிகமாகச் சுடுகிறது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். பிரெம் இதற்கும் பதில் வைத்திருந்தார். அச்சுறுத்தல் அந்த ஒரு தடவையோடு நிற்பதில்லை. இன்று ஏழரைக்குப் படி என்றால் நாளையும் ஏழரைக்கு, அடுத்து எந்தப் பாடம், யாரோடு சேர்ந்து என்று வரிசையாக வரும் என அவன் மனம் நீட்டிப் பார்க்கிறது. அவன் எதிர்த்தது உங்கள் ஒரு வாக்கியத்தை அன்று. அதன் பின்னால் நிற்பதாக அவன் நினைக்கும் வரிசையை.

அப்பாயி விஷயம் இன்னும் எளிது. அவர் சொல்லைக் கேட்காவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கைப்பேசியைப் பிடுங்கமாட்டார், துணைப்பாட வகுப்பில் சேர்க்கமாட்டார், மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடமாட்டார். அவர் “படிடா ராசா” என்பது அவனுக்கு வாழ்த்துப்போல் கேட்கிறது. அதிகாரம் உள்ள வாயிலிருந்து வரும்போதுதான் அதே சொல் உத்தரவாகிறது.

இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு உண்டு. 1976இல் பென்னிபேக்கரும் சாண்டர்ஸும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கழிப்பறைச் சுவர்களில் அறிவிப்புகள் ஒட்டினார்கள். சிலவற்றில் கடுமையான தடை, சிலவற்றில் “தயவுசெய்து எழுதாதீர்கள்”. சிலவற்றின் கீழே பாதுகாப்புத் தலைவர் போன்ற பெரிய பதவி, சிலவற்றில் சாதாரணப் பொறுப்பாளர். கடுமையான சொல்லும் பெரிய பதவியும் சேர்ந்த அறிவிப்பின் மேல்தான் கிறுக்கல் அதிகமாக விழுந்தது.

சுப்பையா ஐயாவுக்கு நாளை எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

பலதுறை மாணவி
5 ஆகஸ்ட், இரவு 11.48

நான் பத்தொன்பது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

உங்கள் மகன் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. முதலில் உடம்பில் ஒரு சூடு ஏறும். அடுத்த நொடியே மனத்தில் வாக்குவாதம் ஓடத் தொடங்கும்: “எப்போதும் இப்படித்தான், நான் உட்கார்ந்ததுகூடக் கண்ணில் படவில்லை, என்னை நம்புவதே இல்லை.” காரணம் பிறகுதான் வரும். எனக்கு அதிகம் வலித்தது எது தெரியுமா? அம்மா திரும்பிப் பார்க்காமல் சொல்வது. பார்த்திருந்தால் நான் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. “இயற்பியல் முதலில் செய்கிறாயா, கணிதம் முதலில் செய்கிறாயா, நீயே முடிவு செய்” என்று சில பெற்றோர் கேட்பார்கள். அது உண்மையில் நாங்கள் தேர்ந்தெடுப்பது இல்லை என்று பத்து வயதிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

படிப்பாளி
6 ஆகஸ்ட், மதியம் 1.05

இதற்கு மிகப் பிரபலமான சான்று காதல்தானே? பெற்றோர் எதிர்த்தால் காதல் வலுக்கும் என்று 1972இல் டிரிஸ்கோலும் மற்றவர்களும் நிறுவியிருக்கிறார்கள். 140 ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு. பெற்றோர் குறுக்கீடு கூடக் கூடக் காதலும் கூடியது. ஆக மனித மனத்தின் விதி இது: தடுத்தால் பெருகும். கனி அவர்கள் எதையும் சொல்லாமல் விட்டுவிடுவதே சரி.

பழைய ஆலோசகர்
6 ஆகஸ்ட், இரவு 8.20

படிப்பாளி, அந்த 1972 ஆய்வு இருக்கிறது, நீங்கள் சொன்ன முடிவும் அதில் இருக்கிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. சின்க்ளேரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் அதே அளவைகளை வைத்து மறுபடி செய்து பார்த்தார்கள். அந்த விளைவு வரவில்லை. பெற்றோரும் நண்பர்களும் ஏற்றுக்கொண்ட உறவுகளில்தான் அன்பும் நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. எதிர்ப்பு நீண்டால் அது உறவை அரிக்கிறது. ஒரு மாலை நேரத்து முரண்டையும், மாதக்கணக்கில் நீளும் உறவையும் ஒரே விதியில் கட்ட முடியாது. முரண்டு சூடாகப் பிறக்கும், பெரும்பாலும் ஆறியும் போகும்.

அதனால் “எதையும் சொல்லாமல் விட்டுவிடு” என்பதை நான் ஏற்கவில்லை.

சுப்பையா ஐயாவின் ராணுவக் கேள்விக்கு வருகிறேன். கண்டிப்பு அதிகம், முரண்டு குறைவு, ஆகவே கண்டிப்பே மருந்து என்கிறார். பாதி சரி. முகாமில் எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் தன் கையில் இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்து உள்ளே போவதில்லை. இல்லாத சுதந்திரத்தை யாரும் பறிக்க முடியாது. மேலும் அங்கே விதி உறுதியானது, எல்லாருக்கும் ஒன்று. லாரினும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக்குள் வேக வரம்பைக் குறைக்கப்போகிறார்கள் என்ற செய்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நிச்சயம் வந்துவிடும் என்று கேட்டவர்கள் அதற்கு நியாயம் கண்டுபிடித்து ஏற்றுக்கொண்டார்கள். வரக்கூடும், ஆனால் தோற்கவும் வாய்ப்பு உண்டு என்று கேட்டவர்கள்தாம் பொங்கினார்கள்.

வீட்டில் நாம் செய்வது இந்த இரண்டாவது வகை. “பத்தரைக்குக் கைப்பேசியை வை” என்கிறோம். பதினொன்றாகிறது, கத்துகிறோம், பிறகு விடுகிறோம், மறுநாள் பிடுங்குகிறோம். அந்த விதி நிற்குமா விழுமா என்பது ஒவ்வோர் இரவும் திறந்தே இருக்கிறது. முரண்டுக்கு அதைவிட நல்ல நிலம் வேண்டாம். அதே பிள்ளை பள்ளியில் கைப்பேசியைப் பைக்குள் வைக்கச் சொன்னால் பேசாமல் வைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் ராணுவம்போல் உறுதியாக்கிவிடலாமே என்று ஐயா அடுத்துக் கேட்பார். முடியாது. வீடு பிள்ளைக்கு ஏற்கெனவே பல சுதந்திரங்களைக் கொடுத்துவிட்ட இடம், கொடுத்ததைத் திரும்பப் பறிப்பதுதான் அதிகமாகப் பொங்கவைக்கும்.

சுப்பையா (உட்லண்ட்ஸ்)
6 ஆகஸ்ட், இரவு 9.02

அடுத்து அதைத்தான் கேட்க இருந்தேன். எழுதி வைத்த கேள்வியை அழித்துவிட்டேன்.

“படிக்காதே” என்று சொல்லும் வழி பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

பழைய ஆலோசகர்
6 ஆகஸ்ட், இரவு 9.25

சிறு குழந்தையிடம் ஓரிரு தடவை செல்லும் ஐயா. பதினைந்து வயதுக்காரன் உங்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். பிடிபட்டால் இரண்டு இழப்பு. உத்தரவு போட்டதோடு ஏமாற்றவும் பார்த்தார்கள் என்றாகிவிடும். அவன் நம்பிவிட்டாலும் நல்லதில்லை. நீங்கள் சொன்னதற்கு எதிராக ஓடுபவனும் உங்கள் சொல்லைப் பார்த்துத்தான் ஓடுகிறான். தனக்கு என்ன வேண்டும் என்று அவன் இன்னும் பார்க்கவே தொடங்கவில்லை.

சுப்பையா (உட்லண்ட்ஸ்)
7 ஆகஸ்ட், காலை 6.50

என் கடைசி மகளிடம் ஒருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். “அப்பா, உங்களுக்கு நடிக்க வராது” என்றாள். அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூரோங் தந்தை
7 ஆகஸ்ட், இரவு 10.10

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். என் பிரச்சினையும் இதுதான் என்று தோன்றுகிறது.

மகள் உயர்நிலை நான்கு. வருட இறுதியில் சாதாரண நிலைத் தேர்வு. தொடக்கக் கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் அவளுக்கு வரும், ஆசிரியர்களும் அதையே சொல்கிறார்கள். நானும் என் மனைவியும் தொடக்கக் கல்லூரி என்கிறோம். அவள் பலதுறைத் தொழிற்கல்லூரிதான் என்று நிற்கிறாள். நாங்கள் சொல்லச் சொல்லக் குரல் ஏறுகிறது. பிரெம் சொன்ன வியாதி இதுதானே? நான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டால் அவளாகவே தொடக்கக் கல்லூரிக்கு வந்துவிடுவாள் அல்லவா?

பழைய ஆலோசகர்
7 ஆகஸ்ட், இரவு 11.00

முதலில், இது வியாதி இல்லை. பெரியவர்களுக்கும் வரும். உங்கள் மேலதிகாரி அடுத்த வாரம் நீங்கள் எந்த நாளில் விடுப்பு எடுக்கவேண்டும் என்று அவராகவே முடிவு செய்தால் உங்களுக்கும் வரும்.

அடுத்து, வாயை மூடிக்கொண்டால் நம் பக்கம் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டு மூடினால், அவள் அதைக் கண்டுகொள்வாள்.

முக்கியமானது, உங்கள் மகளுடையது முரண்டா, விருப்பமா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. முரண்டின் பேச்சு “அது வேண்டாம்” என்ற வடிவத்தில் இருக்கும். அதில் சொன்னவர்தான் நிறைந்திருப்பார்: நீங்கள் எப்போதும், நீங்கள் ஒருபோதும். விருப்பத்துக்கு உள்ளே பொருள் இருக்கும். எந்தப் பாடப்பிரிவு, அதில் என்ன கற்றுத் தருகிறார்கள், யார் அங்கே படிக்கிறார்கள், பிடிக்காவிட்டால் என்ன செய்வது. உங்கள் மகள் பேச்சில் எது அதிகம்?

இதுவும் சுத்தமான சோதனை இல்லை, சொல்லிவிடுகிறேன். பறிபோகிற பொருள் கூடுதல் அழகாகத் தெரிவதும் ரியாக்டன்ஸின் ஒரு முகம். அவளுக்குப் பாதி பிடித்திருந்ததை உங்கள் எதிர்ப்பு முழுதாகப் பிடிக்கவைத்திருக்கலாம். அழுத்தம் இருக்கும்வரை எவ்வளவு அவளுடையது, எவ்வளவு உங்களுடையது என்று அவளுக்கே தெரியாது.

ஜூரோங் தந்தை
7 ஆகஸ்ட், இரவு 11.20

எந்தப் பாடப்பிரிவு என்று நான் கேட்டதில்லை.

செங்காங் கனி
10 ஆகஸ்ட், மாலை 4.40

தேசிய தின விடுமுறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். அக்கா, ஓர் இடம் எனக்கு இடிக்கிறது. எதையும் சொல்லாமல் விடக்கூடாது என்கிறீர்கள், சொன்னால் முரண்டு என்கிறீர்கள். எதைச் சொல்வது, எதை விடுவது?

மாணவி சொன்ன “திரும்பிப் பார்க்காமல் சொல்வது” என்பது மனத்தில் நின்றுவிட்டது. நன்றி அம்மா.

பழைய ஆலோசகர்
10 ஆகஸ்ட், இரவு 9.15

ஜூடித் ஸ்மெட்டானா என்ற ஆய்வாளர் பதின்ம வயதினரும் பெற்றோரும் எதற்காகச் சண்டையிடுகிறார்கள் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். அவர் கண்டது எனக்கு வேலையில் மிகவும் உதவியது. அடுத்தவரை அடிக்காதே, திருடாதே, ஆபத்தானதைத் தொடாதே என்று பெற்றோர் விதி போடுவதைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். உடை, அறை, நண்பர்கள், ஓய்வு நேரம் போன்றவற்றைத் தங்கள் சொந்த விஷயம் என்று நினைக்கிறார்கள். சண்டை வருவது எல்லையில். அறை அலங்கோலமாகக் கிடந்தால் அம்மாவுக்கு அது வீட்டு ஒழுங்கு, மகனுக்கு அது அவன் அறை. இருவரும் ஒரே அறையைப் பார்க்கிறார்கள், ஆனால் வேறு வேறு பட்டியலில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கனி, ஒரு காகிதத்தில் நீங்கள் ஒரு நாளில் அவனிடம் சொல்பவற்றை எழுதுங்கள். ஒவ்வொன்றும் யாருடையது என்று பக்கத்தில் குறியுங்கள். இரவுத் தூக்கம் உடல்நலம், அதில் நீங்கள் விதி போடலாம், காரணம் சொல்லி, உறுதியாக. சாப்பிட்ட தட்டு அறையில் கிடந்தால் எறும்பு வரும், அது எல்லாருடைய வீடு. எத்தனை மணிக்கு எந்தப் பாடத்தை எடுப்பது என்பது அவனுடையது. அவனுடையதை முழுதாகக் கொடுங்கள். பாதியாகக் கொடுத்தால், மாணவி சொன்னாளே, தேர்ந்தெடுக்க விடுவதுபோல் காட்டும் அந்தப் போலிக் கேள்வியாகிவிடும்.

கேட்கும்போது சும்மா கேட்கலாம். “இன்று உதவி வேண்டுமா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொல்ல இடமிருக்கும் வேண்டுகோளுக்கு மனிதர்கள் கூடுதலாக இணங்குகிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் வேண்டாம் என்றதும் முகம் மாறக் கூடாது. அதைத்தான் அவர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

ஜூரோங் தந்தை
11 ஆகஸ்ட், காலை 8.05

மின்சிகரெட் விஷயத்திலும் இப்படித்தானா? என் தங்கை மகன் பையில் ஒன்று கிடைத்தது. சொன்னால் முரண்டு வரும் என்று பேசாமல் இருக்க முடியுமா?

பழைய ஆலோசகர்
11 ஆகஸ்ட், காலை 9.40

இருக்கவே கூடாது. அது இங்கே சட்டவிரோதம், உடம்பையும் கெடுக்கும். பிள்ளைகளே பெற்றோரின் வேலை என்று ஒப்புக்கொள்ளும் பட்டியலில் இருப்பது. விதி ஒன்று, தெளிவாக, ஒரே முறை. முரண்டைக் கூட்டுவது விதியோடு ஒட்டிவரும் பேச்சு: உன் அப்பா எப்படிப்பட்டவர், நீ எப்படிப் போய்விட்டாய், இனி உன் நண்பர்கள் யாரும் வீட்டுக்கு வரக்கூடாது. ஒன்றைத் தடுக்கப் போய் அவனுடைய எல்லாவற்றிலும் கை வைக்கிறோம். பள்ளி ஆலோசகரிடம் போகச் சொல்லுங்கள். தண்டனைக்காக அனுப்புவதுபோல் ஆகாமல், தங்கை முதலில் போய்ப் பேசட்டும்.

பலதுறை மாணவி
11 ஆகஸ்ட், மதியம் 12.30

உயர்நிலையில் இதைப் பற்றி எங்களுக்கு மண்டபத்தில் உரை நிகழ்த்துவார்கள். நீங்கள் இளைஞர்கள், உங்களுக்கு ஆபத்து தெரியாது என்று தொடங்கும். என் பக்கத்தில் இருந்தவள் தொட்டதே இல்லை, அவளே எரிச்சலானாள். ஒருமுறை மட்டும் வந்தவர் வேறு மாதிரிப் பேசினார். பழவாசனையும் வண்ணமும் யாரைக் குறிவைத்துச் செய்யப்படுகின்றன, நாம் வாங்கினால் யாருக்குப் பணம் போகிறது என்று காட்டினார். அன்று எங்கள் கோபம் அந்த விற்பவர்கள்மேல் போனது.

படிப்பாளி
11 ஆகஸ்ட், இரவு 7.50

2014 ஆய்வைத் தேடி வாசித்தேன். ஆலோசகர் சொன்னது சரி. ஆனால் என் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. அளவெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். மகன் திருமணத்தில் பெரியப்பாவும் அத்தையும் கருத்துச் சொல்லும் நம் குடும்பங்களில் “என்னுடையது” என்ற கோடே வேறிடத்தில் இருக்காதா? என் அப்பா எனக்குப் பாடப்பிரிவு தேர்ந்தெடுத்தார். எனக்கு ஒரு முரண்டும் வரவில்லை.

பழைய ஆலோசகர்
11 ஆகஸ்ட், இரவு 10.05

கோடு வேறிடத்தில் இருக்கலாம், ஏற்கிறேன். உங்கள் காலத்தில் அது அப்பாவின் பக்கம் இருந்தது, நீங்களும் அப்படியே எதிர்பார்த்தீர்கள். இன்று அதே வீட்டில் வளரும் பிள்ளை பள்ளியில் சீன, மலாய் நண்பர்களோடு உட்கார்ந்து யார் வீட்டில் எதை யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒப்பிடுகிறது. அப்பா ஒரு கோட்டையும் பிள்ளை இன்னொரு கோட்டையும் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் சண்டை அதிகம் அந்த இடைவெளியில்தான். எல்லாத் தமிழ் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

செங்காங் கனி
6 செப்டம்பர், இரவு 9.30

பள்ளி விடுமுறை வாரம். நடந்ததைச் சொல்கிறேன்.

காகிதம் எழுதினேன். நான் சொல்பவற்றில் பாதிக்குமேல் அவனுடைய பட்டியலில் விழுந்தன. அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். படிக்கும் நேரமும் பாடமும் இனி உன்னுடையவை, நான் கேட்கமாட்டேன், தூக்க நேரமும் தட்டும் என்னுடையவை என்றேன். நம்பவில்லை. “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டான்.

முதல் வாரம் ஒன்றும் படிக்கவில்லை. சோதித்துப் பார்த்தான் என்று நினைக்கிறேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறையிலேயே இருந்தேன். என் கணவர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார். இரண்டாம் வாரத்தில் இயற்பியல் தாள் மேசைக்கு வந்தது. பிறகு வேதியியல். இப்போது பெரும்பாலான மாலைகளில் உட்காருகிறான், நான் நினைக்கும் நேரத்தில் இல்லை, ஒன்பதுக்கு மேல்.

ஆனால் கூடுதல் கணிதம் வரவே இல்லை. அந்தக் கோப்பு பையை விட்டு வெளியே வந்ததில்லை. அழுத்தத்தை எடுத்தால் எல்லாம் திரும்பும் என்று நினைத்தேன். இது மட்டும் ஏன்?

பழைய ஆலோசகர்
6 செப்டம்பர், இரவு 10.15

கனி, நீங்கள் எனக்குக் கொடுத்த மிக நல்ல தகவல் இதுதான்.

எல்லாவற்றுக்கும் “படி” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மூன்று பாடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தன: படிக்கமாட்டான். அழுத்தம் போனதும் பிரிந்துவிட்டன. இயற்பியலும் வேதியியலும் திரும்பின, ஆகவே அவற்றைத் தடுத்தது முரண்டு. கூடுதல் கணிதம் திரும்பவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. உயர்நிலை மூன்றில் தொடங்கும் பாடம் அது. தொடக்கத்தில் ஓர் அத்தியாயம் விட்டுப்போனால் அடுத்தவை எல்லாம் அதன்மேல் ஏறி நிற்கும். புரியாத பிள்ளை அதைச் சொல்ல வெட்கப்படும். “நீங்கள் சொன்னதால் செய்யவில்லை” என்பது “எனக்குத் தெரியவில்லை” என்பதைவிடச் சொல்லச் சுலபம். முரண்டு அவனுக்கு ஒரு திரையாகவும் இருந்திருக்கலாம்.

இதற்கு விட்டுப்பிடித்தல் உதவாது. உதவிதான் வேண்டும். ஆனால் யார் உதவுவது என்பதை அவனிடம் விடுங்கள்: ஆசிரியரா, நண்பனா, துணைப்பாட வகுப்பா.

செங்காங் கனி
8 செப்டம்பர், இரவு 11.10

கேட்டேன். பதில் சொல்லவில்லை. இன்று மாலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து, மடக்கை தொடங்கியதிலிருந்தே ஒன்றும் புரியவில்லை, அந்த வாரம் காய்ச்சலில் பள்ளிக்குப் போகவில்லை என்றான். துணைப்பாட வகுப்பு வேண்டாம், அதே வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், நூலகத்தில் சந்திக்கலாமா என்று கேட்டான். போ என்றேன். எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்டேன், அது என் பட்டியல்.

கைப்பேசி விஷயம் இன்னும் தீரவில்லை. பத்தரைக்கு வரவேற்பறையில் வைக்கவேண்டும் என்பது விதி. கணவர் பதினொன்றுக்குத் தம் கைப்பேசியோடு படுக்கப் போகிறார். மகன் அதைச் சுட்டிக்காட்டுகிறான். அவன் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் சொன்னதில் இப்போது கணவருக்கும் எனக்கும் பேச்சு.

சுப்பையா (உட்லண்ட்ஸ்)
9 செப்டம்பர், காலை 6.40

கணவரிடம் “வைத்துவிடுங்கள்” என்று சொல்லாதீர்கள். ஐம்பது வயதிலும் முரண்டு வரும்.

ஜூரோங் தந்தை
9 செப்டம்பர், இரவு 10.30

மகளிடம் எந்தப் பாடப்பிரிவு என்று கேட்டேன். தாதிமை. இரண்டு தொழிற்கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டு வைத்திருக்கிறாள், மருத்துவமனைப் பயிற்சி எப்போது தொடங்கும் என்றுகூடத் தெரிந்திருக்கிறது. பக்கத்து மாடியில் இருக்கும் தாதி ஒருவரிடம் பல தடவை பேசியிருக்கிறாளாம். பிடிக்காவிட்டால் என்ன செய்வாய் என்றேன். முதல் முறையாகக் குரல் உயர்த்தாமல், அதுதான் தனக்கும் பயம் என்றாள்.

நான் இன்னும் தொடக்கக் கல்லூரிதான் நல்லது என்று நினைக்கிறேன். அதை அவளிடம் ஒரு தடவை சொன்னேன். ஜனவரியில் தொழிற்கல்லூரியின் பொது வரவேற்பு நாளுக்கு நானும் வரலாமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.